பச்சை என்றொரு சாயம் இல்லை

ஒரு சோதனைக்குழாயின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நின்ற பச்சை நிறமொன்று இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் என் மனத்தை விட்டு நீங்காமல் இருப்பதற்கு அதன் அழகு காரணமன்று. அதைப் பற்றி ஒரு பையன் கேட்ட கேள்விக்கு ஆசிரியன் என்ற ஸ்தானத்தில் இருந்துகொண்டு நான் சொன்ன விடை பொய் என்பதே காரணம். திரியாயில் கச்சான் காற்று புழுதியை வாரி யன்னல் வழியே மேசைமேல் கொட்டுகிற ஒரு மத்தியான வேளை. பொதுக் காட்டி என்று நாங்கள் சொல்லும் செம்மஞ்சள் நிறத் திரவத்தில் மூன்று துளியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு, தேசிக்காய்ச் சாற்றில் சிவப்பு, காய்ச்சி ஆறவிட்ட நீரில் பச்சை, சவர்க்காரக் கரைசலில் ஊதா என்று வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். பின்வாங்கில் இருந்து எழுந்து வந்த பையன் குழாய்களைக் குனிந்து பார்த்தான். பிறகு காட்டிப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். "சேர், போத்தலுக்குள்ள பச்சை இல்லையே, இது எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டான். "நாலைந்து சாயம் கலந்திருக்கு தம்பி, அதில ஒன்று பச்சை. ஏழு வந்தால்தான் அது தெரியும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது, நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

அந்தப் பொய்யில் ஒரு கவர்ச்சி இருந்தது. இருந்தபடியால்தான் அது நாவில் அவ்வளவு சுலபமாக வந்தது. நாலுக்கு ஒரு சாயம், ஐந்துக்கு ஒரு சாயம், ஏழுக்கு ஒரு சாயம் என்று இலக்கத்துக்கு ஒரு காவற்காரனை நிறுத்தி, தன் இலக்கம் அழைக்கப்பட்டதும் அவனவன் கை தூக்குகிறான் என்று நினைப்பது மனத்துக்கு மிக இதமான கற்பனை. ஆனால் எந்தச் சாயத்தின் சுபாவமும் அப்படிப்பட்டதன்று. ஒரு சாயம் தன் வாழ்நாளில் ஒரு முறை நிறம் மாறும், சில இரண்டு முறை மாறும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பெண்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். ஆலாத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு நகக்கண் அளவு சுண்ணாம்பை எடுத்து அதில் போட்டுக் கலக்கும்போது, மஞ்சள் நீர் இரத்தச் சிவப்பாக மாறுவதை நான் பாட்டியின் மடியருகே இருந்து பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் போட்டால் நீலம் வருமா என்று கேட்டதற்கு, "சிவந்தது சிவந்ததுதான் ராசா, அதுக்கு மேல அதுக்கு ஒண்டும் தெரியாது" என்றாள். மஞ்சளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விக்கான விடை. நீர் ஒரு குறித்த எல்லைக்கு இப்பாலா, அப்பாலா என்பதே அந்தக் கேள்வி. செவ்வரத்தம் பூவும் பாசிச்சாயத்தாளும் கேட்பதும் அதே மாதிரியான கேள்விதான்; எல்லைதான் வேறு. ஒரே கேள்வி தெரிந்தவர்களைக் கூட்டிச் சேர்த்து ஏழெட்டு விடை சொல்ல வைப்பது எவ்வாறு என்பதே பொதுக் காட்டியின் சூட்சுமம். அதைப் பையனுக்குச் சொல்லாமல், ஒரு பச்சைச் சாயத்தை நான் கற்பனை செய்து போத்தலுக்குள் போட்டேன்.

பிற்பாடு ஒரு விடுமுறைக் காலத்தில், பிராயச்சித்தம் செய்கிறவனைப் போல, அந்தத் திரவத்தை நானே தயாரித்துப் பார்த்தேன். ஜப்பானியராகிய யமதாவின் பெயரால் வழங்கும் செய்முறை அது; இரசாயனம் படிப்பித்தவர்களுக்குப் பரிச்சயமானது. தைமோல் நீலம் 5 மில்லிகிராம், மெதயில் சிவப்பு 12, புரோமோதைமோல் நீலம் 60, பினோப்தலீன் 100. இவை நான்கையும் 100 மில்லிலீற்றர் எதைல் மதுசாரத்தில் கரைத்து, ஐதான சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டு, பச்சை காணும்வரை கலக்கி, நீர் சேர்த்து 200 மில்லிலீற்றர் ஆக்கவேண்டும். தூள்களைத் தராசில் நிறுத்துக் காகிதங்களில் வைத்தபோது, நான் முதலில் செய்தது நான்கையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்ததுதான். மெதயில் சிவப்பு கறுப்பு என்று சொல்லத்தக்க கருஞ்சிவப்புத் தூள், பினோப்தலீன் வெள்ளை, மற்ற இரண்டும் பெயரில் நீலத்தைத் தாங்கியிருந்தும் காகிதத்தில் நீலத்தின் சாயலே இல்லாதவை. எதிலும் பச்சை இல்லை. மதுசாரத்தில் கரைந்ததும் செம்மஞ்சள் நிறம் வந்தது. காரம் ஒவ்வொரு துளியாக விழ, விழுந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் பச்சைச் சுருளொன்று தோன்றி, கலக்கியதும் மறைந்து, மறுபடி தோன்றி, ஒவ்வொரு முறையும் சற்று அதிக நேரம் தங்கிப் போயிற்று. கடைசியில் ஒரு துளியோடு மறையாமல் தங்கிவிட்டது. இப்படிக் காரம் விட்டு நிறுத்துவது அலங்காரத்துக்காக அன்று. இந்தச் சாயங்கள் தாமே அமிலங்கள். அந்த அமிலத்தை முன்னரே தணிக்காவிட்டால், மழைநீர்போன்ற ஏலாத நீரில் காட்டி விழும்போது, நீரின் தன்மையைக் காட்டுவதற்குப் பதிலாகத் தன் தன்மையையே காட்டிவிடும். நான் முதலில் பையனுக்குக் காட்டிய போத்தல் செம்மஞ்சளாக இருந்ததன் அர்த்தமும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை எவரோ தணிக்காமல் விட்டிருக்கவேண்டும், அல்லது நாட்பட்டு அது புளித்துப் போயிருக்கவேண்டும்.

இனி அந்த நால்வரின் எல்லைகளைச் சொல்லவேண்டும். கோபன்ஹேகனில் கால்ஸ்பேர்க் மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில் இருந்த சோரன்சன் 1909ஆம் ஆண்டில் வகுத்துத் தந்த பீஎச் என்ற அளவுகோலில், மெதயில் சிவப்பு 4.4இல் சிவப்பை விடத் தொடங்கி 6.2இல் முழு மஞ்சளாகிவிடுகிறது. புரோமோதைமோல் நீலம் 6.0 வரையும் மஞ்சளாக இருந்து, 7.6இல் முழு நீலமாகிறது. தைமோல் நீலம் அபூர்வமாக இரண்டு முறை மாறுவது. மிகக் கடும் அமிலத்தில் 1.2க்கும் 2.8க்கும் இடையில் சிவப்பிலிருந்து மஞ்சளாகவும், பிறகு நெடுந்தூரம் மஞ்சளாகவே நடந்து வந்து 8.0க்கும் 9.6க்கும் இடையில் நீலமாகவும் மாறும். பினோப்தலீன் 8.3 வரையும் நிறமே இல்லாமல் இருந்து, 10க்குள் இளஞ்சிவப்பு ஏறிவிடும். இந்த எல்லைகளை மதிற்சுவர்களைப்போல நினைக்கக்கூடாது என்பதை நான் வெகு காலம் உணரவில்லை. புரோமோதைமோல் நீலத்தின் மூலக்கூறுகளில் சரிபாதி மஞ்சளாகவும் சரிபாதி நீலமாகவும் நிற்கிற இடம் 7.1. அதற்கு ஓர் அலகு கீழே இறங்கினால் நீலம் ஒன்றுக்கு மஞ்சள் பத்து. ஓர் அலகு மேலே ஏறினால் மஞ்சள் ஒன்றுக்கு நீலம் பத்து. இரண்டு அலகு தள்ளினால் நூற்றுக்கு ஒன்று. ஆகவே நீலம் எங்கும் முற்றாக இல்லாமற் போவதில்லை, மஞ்சளும் அப்படித்தான்; பத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நிறத்தை நமது கண் கண்டுகொள்வதில்லை என்ற காரணத்தால் மட்டுமே, 6.0 என்றும் 7.6 என்றும் இரண்டு கல் நட்டிருக்கிறோம். எல்லை சாயத்தினுடையதன்று, பார்க்கிறவனுடையது.

பச்சை எங்கிருந்து வருகிறது என்பதை என் கண்ணுக்கு நானே நிரூபித்துக்கொள்ள ஓர் உபாயம் செய்தேன். அது என் சொந்த உபாயம் என்று அப்போது பெருமைப்பட்டதும், 1920ஆம் ஆண்டிலேயே கிலெஸ்பி என்ற அமெரிக்கர் மண்ணின் அமிலத்தன்மையை அளப்பதற்கு அதையே கையாண்டிருந்தார் என்று பின்னர் அறிந்து வெட்கப்பட்டதும் வேறு கதை. ஒரு குழாயில் நீரும் ஒரு துளி அமிலமும் விட்டு, அதில் புரோமோதைமோல் நீலத்தில் ஐந்து துளி; அது மஞ்சளாயிற்று. இன்னொரு குழாயில் அதே அளவு நீரும் ஒரு துளி காரமும் விட்டு, அதே சாயத்தில் ஐந்து துளி, அது நீலமாயிற்று. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக யன்னலுக்கு எதிரே பிடித்து ஊடே பார்த்தேன். பச்சை! எவரும் எதையும் கலக்கவில்லை. ஒரு துளி திரவமும் ஒரு குழாயிலிருந்து மறு குழாய்க்குப் போகவில்லை. மஞ்சள் குழாய் வெளிச்சத்தின் ஊதாவையும் நீலத்தையும் உண்டது. நீலக் குழாய் செம்மஞ்சளையும் சிவப்பையும் உண்டது. இருவரும் உண்ணாமல் விட்ட நடுப்பங்கு பச்சையாக என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. ஏழில் நிற்கும் நீரிலும் இதுவே நடக்கிறது. அங்கே மஞ்சளும் நீலமும் ஒரே குழாய்க்குள், ஒரே துளிக்குள், அருகருகே இருக்கின்றன, அவ்வளவுதான் பேதம். துளிகளை மாற்றி, மஞ்சள் பக்கத்தில் ஒன்றும் நீலப் பக்கத்தில் ஒன்பதுமாக விட்டுப் பார்த்தால் ஏறக்குறைய எட்டின் நிறம் வரும். ஒன்பதும் ஒன்றுமாக விட்டால் ஆறின் நிறம். கிலெஸ்பி இந்த ஒன்பது சோடிக் குழாய்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, அளவு தெரிந்த கரைசல்கள் இல்லாமலே வேலையை முடித்தார். பையனுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய விடை ஒரே வாக்கியம்: பச்சை எவருடைய நிறமும் அன்று, இரண்டு பேர் சாப்பிட்டபின் மிச்சமிருப்பது.

இதை அறிந்துகொண்டதோடு மனம் சாந்தப்பட்டிருக்கவேண்டும், படவில்லை. ஏனென்றால் நான் தயாரித்த முதற் போத்தல் கெட்டுப் போயிற்று. மெதயில் சிவப்பை நிறுக்கும்போது என் கவனம் பிசகி, 12 மில்லிகிராமுக்குப் பதில் ஏறக்குறைய மூன்று மடங்கைப் போட்டுவிட்டேன். சிவந்த தூள் சற்று அதிகமானால் என்ன, அமிலப் பக்கத்துச் சிவப்பு சற்று அழுத்தமாகும், அவ்வளவுதானே என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். அமிலப் பக்கத்தில் குற்றம் எதுவும் தெரியவில்லை. சிவப்பும் செம்மஞ்சளும் வெகு ஜோராக வந்தன. குற்றம் தெரிந்தது எதிர்ப்பக்கத்தில். அப்பச்சோடா கரைத்த நீர் நீலம் காட்டவேண்டிய இடத்தில் குளத்துப் பாசி மாதிரி ஒரு மங்கிய பச்சையைக் காட்டியது; சவர்க்கார நீரின் ஊதா, பழைய செங்கல்லைப் போலத் தவிட்டு நிறமாகக் கிடந்தது. ஆறோடு தன் வேலை முடிந்துபோன சாயம், எட்டிலும் பத்திலும் வந்து எப்படி இடறுகிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். விடை கண்ணெதிரே இருந்தது. 6.2இல் மெதயில் சிவப்பு மாறி முடிகிறதே ஒழிய மறைந்துபோவதில்லை. அது மஞ்சளாகிறது, மஞ்சளாகியபின் குழாயை விட்டுப் போக அதற்கு வழியில்லை. ஏழிலும் எட்டிலும் பத்திலும் அது மஞ்சளாகவே நின்று, நீலக் கதிர்களைத் தொடர்ந்து உண்டுகொண்டே இருக்கிறது. அதனால்தான் செய்முறையில் அதற்கு 12 மில்லிகிராமும், அடுத்து வருகிற புரோமோதைமோல் நீலத்துக்கு அதைப்போல ஐந்து மடங்கும் விதித்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவனின் நீலம், முன்னே வந்து முடித்தவனின் மஞ்சளை அமுக்கிவிட வேண்டும். நான் அந்த விகிதத்தைக் கெடுத்து, முடித்தவனை வலியவனாக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த நிறங்களை நான் பார்க்கும் விதமே மாறிப்போயிற்று. நாலில் காணும் சிவப்பு மெதயில் சிவப்பினுடைய சிவப்பு மட்டுமன்று. இன்னும் தன் முறை வராத புரோமோதைமோல் நீலமும் தைமோல் நீலமும் மஞ்சளாக அதன் பின்னால் நிற்கின்றன. ஐந்தில் மெதயில் சிவப்பு ஏறக்குறையப் பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாகப் பிரிந்து நிற்க, காத்திருப்போரின் மஞ்சளும் சேர்ந்து செம்மஞ்சளாகிறது. ஆறில் எல்லாரும் மஞ்சள். அது ஒன்றுதான் ஏகமனதான நிறம் என்று சொல்லலாம், அப்போதும் பினோப்தலீன் நிறமற்று ஒதுங்கி நிற்கிறது. பத்தில் இரண்டு நீலங்களும் பினோப்தலீனின் இளஞ்சிவப்பும் கூடி ஊதாவாக, அடியில் மெதயில் சிவப்பின் பழைய மஞ்சள் யாருக்கும் தெரியாமல் கரைந்து கிடக்கிறது. எந்தக் கணத்திலும் குழாய்க்குள் இருப்பவர்கள் மூன்று வகை: மாறி முடித்தவர்கள், மாறிக்கொண்டிருப்பவர்கள், மாறக் காத்திருப்பவர்கள். நாம் ஓர் இலக்கம் என்று படிப்பது அந்த மூன்று வகையாரும் ஒரே வேளையில் உண்டு மிச்சம் வைத்த வெளிச்சத்தைத்தான். ஏழு என்பதை அறிந்தவர் அங்கே எவரும் இல்லை. புட்டியோடு வரும் வர்ண அட்டை மட்டுமே அதை அறியும்; அந்த அட்டையும் அந்தப் புட்டிக்கு மட்டுமே உரியது. வேறொருவர் வேறு சாயங்களை வேறு விகிதத்தில் கலந்து விற்ற திரவத்துக்கு இந்த அட்டையைப் பிடித்துப் பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரனின் சாதகத்தை வைத்துக்கொண்டு நம் பலனைப் பார்ப்பதற்குச் சமம்.

நால்வரும் கைமாற்றிக் கைமாற்றி ஓடுகிறார்கள் என்று சொல்லும்போது, கைமாறும் இடங்களைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. மெதயில் சிவப்பு 6.2இல் முடிவதற்கு முன்னரே புரோமோதைமோல் நீலம் 6.0இல் தொடங்கிவிடுகிறது, அந்த இடத்தில் பொருத்து நன்றாக இருக்கிறது, ஒருவர் கையை விடுமுன் மற்றவர் பிடித்துக்கொள்கிறார். ஆனால் 7.6இல் புரோமோதைமோல் நீலம் முடிந்து, 8.0இல்தான் தைமோல் நீலம் தொடங்குகிறது. இடையில் அரை அலகுக்குச் சற்றுக் குறைந்த ஒரு வெளி. அங்கே மாறுகிறவர் எவரும் இல்லை என்று சொல்வது மிகை; எல்லைகள் கண்ணின் எல்லைகள் என்று முன்னர் சொன்னபடி, ஒன்றின் வால் இன்னும் தேய்ந்துகொண்டும் மற்றதன் தலை அரும்பிக்கொண்டும்தான் இருக்கும். ஆனால் மாற்றம் மந்தமாகிறது. அந்த இடத்தில் ஒரு நீரை வைத்துவிட்டு 7.7 என்றோ 8.0 என்றோ துணிந்து சொல்கிறவன் தன் கண்ணுக்கு இல்லாத கூர்மையை அதற்கு ஏற்றிக் கூறுகிறான். இதேபோல மறு கோடியிலும் ஒரு குருட்டு நிலம் இருக்கிறது. மெதயில் சிவப்பு 4.4க்குக் கீழே முழுச் சிவப்பு. தைமோல் நீலத்தின் கீழ் மாற்றம் 2.8க்குக் கீழே இருந்தாலும், 5 மில்லிகிராம் சாயம் தரும் சிவப்பு ஏற்கெனவே சிவந்து நிற்கும் கடலில் ஒரு கை தண்ணீர். ஆகவே இந்தச் செய்முறையில் தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் புளிக்கரைசலும் ஒரே சிவப்பு. நாவு எளிதில் பிரித்தறியும் மூன்று புளிப்பை, பல சாயம் கூடியும் பிரித்தறிய முடியவில்லை என்பதில் எனக்கு ஓர் அந்தரங்கத் திருப்தி உண்டு.

திரியாய்க் கடற்கரைக்கு, சரியாக நிறுத்து மறுபடி தயாரித்த போத்தலை நான் கொண்டு போனது ஒரு சனிக்கிழமை. புல்மோட்டைப் பக்கம் நீண்டு செல்லும் அந்தக் கரையில் இல்மனைற்றுக் கறுப்பு மணல் அலை பின்வாங்கிய இடங்களில் மைக்கோடுகள் போலப் படிந்து கிடக்கும். அலையில் மொண்ட நீரில் மூன்று துளி விட்டேன். பச்சையும் அல்லாத, நீலமும் அல்லாத, மயிற்கழுத்தை நினைவூட்டும் ஒரு நிறம். அட்டையில் எட்டுக்கு அருகே வைத்தேன். சற்றுக் கூட என்று தோன்றியது. தூக்கி ஆகாயத்துக்கு எதிரே பிடித்தேன், நிறம் மாறியது. மணலுக்கு எதிரே பிடித்தேன், மறுபடி மாறியது. திறந்த கடலின் மேற்பரப்பு நீர் பொதுவாக 8.1 அளவில் நிற்பது என்று புத்தகங்கள் சொல்கின்றன. கடல் வந்து நிற்கிற இடம் அந்த மந்தமான பொருத்துக்குப் பக்கத்திலேயே! அதோடு இன்னொரு வம்பும் உண்டு. கடல்நீரின் உப்பு, சாயத்தின் சமநிலையையே சற்று நகர்த்திவிடுகிறது. உப்பு நிறைந்த நீரில் இந்தச் சாயங்கள் தமது கார நிறத்துக்கு வேண்டியதற்குச் சற்று முன்னதாகவே போய்விடுகின்றன. அதனால் உப்பில்லாத நீருக்கு வரைந்த அட்டையில் படிக்கும்போது கடல் உள்ளதைவிடக் கால் அலகு அளவுக்குக் காரமாகத் தெரியலாம். இதை உப்புப் பிழை என்று சொல்வார்கள். சோரன்சன் காலத்திலிருந்தே தெரிந்த பிழை இது. ஆகவே கரையில் நின்று நான் செய்தது, சுவரில் வெடிப்புள்ள இடமாகப் பார்த்து, அதில் வளைந்த ஆணி ஒன்றை அறைந்தது போன்றதுதான். ஆனாலும் அந்த மயிற்கழுத்து நிறம் பொய் சொல்லவில்லை. புரோமோதைமோல் நீலம் ஏறக்குறைய முடித்துவிட்டது, தைமோல் நீலம் இப்போதுதான் அரும்புகிறது, மெதயில் சிவப்பின் பழைய மஞ்சள் இன்னும் இருக்கிறது என்ற மூன்றையும் அது உள்ளபடியே சொன்னது. அதை ஓர் இலக்கமாகச் சுருக்கியவன் நான்.

வீட்டுக் கிணற்று நீர் எனக்குச் சொன்னது வேறு. வாளியில் அள்ளியவுடன் ஒரு குழாயில் விட்டுக் காட்டி சேர்த்தபோது பச்சை, சற்று மஞ்சள் கலந்த இலைப்பச்சை. மேசைமேல் மூடாமல் வைத்துவிட்டுப் படுத்து, காலையில் எழுந்து பார்த்தால் அதே நீர் நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. இரவில் எவரும் எதையும் சேர்க்கவில்லை. நிலத்துக்குள் இருக்கும்போது வேர்களும் மட்கும் இலைதழையும் விட்ட காபனீரொட்சைட்டு அந்த நீரில் கரைந்திருந்தது. அது நீரோடு கூடி மெல்லிய அமிலமாகச் சாயங்களை மஞ்சள் பக்கம் இழுத்து வைத்திருந்தது. வெளியே வந்ததும் வாயு மெல்ல மெல்ல ஓடிப்போக, சுண்ணாம்புக் கற்களிலிருந்து அது கரைத்து வந்த இருகாபனேற்று மட்டும் மிஞ்சி, நீலத்துக்கு இடம் கொடுத்தது. அந்த நீரில் ஒரு கண்ணாடிக் குழல் வழியாக நான் ஊதினேன். ஏழெட்டு மூச்சில் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, அங்கே நின்றுவிட்டது. மேலும் ஊதினேன், தலை சுற்றியதே ஒழியச் செம்மஞ்சள் வரவில்லை. மூச்சிலுள்ள வாயு நூற்றுக்கு நாலு ஐந்து பங்குதான். இருகாபனேற்று உள்ள நீரை அது ஆறுக்கு அருகே வரை தள்ளும், அதற்கு அப்பால் தள்ள அதற்குத் திராணியில்லை. ஒரு சாயம் மட்டும் இருந்திருந்தால், நீலம் மஞ்சளாயிற்று என்ற செய்தியோடு நின்றிருப்பேன். மஞ்சளுக்குப் பின்னால் மெதயில் சிவப்பு இன்னும் அசையாமல் நிற்கிறது என்பதை அறிந்திருக்கமாட்டேன். பொதுக் காட்டியின் நன்மை, அது சரியாக அளக்கிறது என்பதில் இல்லை. அளப்பதற்கு ஒற்றைச் சாயமே மேல், அதன் நடு எல்லையில் நூறில் சில பங்கு வேறுபாட்டைக்கூடப் பழகிய கண் பிடித்துவிடும். எந்த எல்லையில் தேடவேண்டும் என்று தெரியாதவனுக்கு, ஏறக்குறைய எந்தத் தெருவில் வீடு இருக்கிறது என்று சொல்வதுதான் இதன் வேலை. மான்ஸ்பீல்ட் கிளார்க்கும் லப்ஸும் 1917இல் புரோமோதைமோல் நீலம் முதலிய சாயங்களை வரிசையாக வகுத்து வெளியிட்டபோது, ஒவ்வொன்றையும் தனித்தனிப் போத்தலில் வைத்து, ஒன்று முடிகிற இடத்தில் அடுத்ததை எடுக்கும்படியே வகுத்தார்கள். எல்லாரையும் ஒரே குழாய்க்குள் தள்ளும்போது சௌகரியம் கூடுகிறது, கூர்மை குறைகிறது.

அந்தப் பையனை நான் மறுபடி கண்டது வெகு நாட்களுக்குப் பிறகு, ஊர் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பாதி வீடுகள் கூரையில்லாமல் நின்ற காலத்தில். அவனுக்கு நரை தொடங்கியிருந்தது; நெல் வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். நான் அந்தக் கேள்வியை ஞாபகப்படுத்தினேன். அவனுக்கு ஞாபகம் இல்லை. "அப்பிடி ஒன்று கேட்டனானா சேர்?" என்று சிரித்தான். போத்தலில் மிச்சம் சிறிது இருந்தது, குழாய் இருந்தது, அவனை இருக்கச் சொல்லிவிட்டு, கிணற்று நீரில் பச்சையை உண்டாக்கி அவன் கையில் கொடுத்தேன். பிறகு மஞ்சள் குழாய் ஒன்றும் நீலக் குழாய் ஒன்றும் தயாரித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்தான். முன் குழாயைச் சற்று விலக்கினான், பச்சை போயிற்று; மறுபடி சேர்த்தான், வந்தது. மூன்று நான்கு முறை விலக்கியும் சேர்த்தும் பார்த்தபின், கையிலிருந்த பச்சைக் குழாயை யன்னலுக்கு எதிரே தனியே தூக்கிப் பிடித்து, "அப்ப இதுக்குள்ளயும் ரெண்டும் இருக்கு, ஆனா இதை விலக்கிப் பார்க்க ஏலாது" என்றான். நான் முப்பது வருஷமாகச் சொல்லத் தெரியாமல் வைத்திருந்த திருத்தத்துக்கு அதற்கு மேல் ஒரு வாக்கியம் தேவைப்படவில்லை.